ஒன்பதாவது கேள்வி

உசிலம்பட்டிப் பக்கம் மனச்சோர்வைக் கண்டறிய கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தேன். அதற்கான ஒன்பது கேள்விப் படிவமான பி.எச்.க்யூ-9 பற்றிய எழுத்துத் தேர்வில் எல்லாரும் தேறினார்கள். ஆனால் களத்திலிருந்து வந்த தாள்களில், சாகிற நினைப்பைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு எல்லாமே பூஜ்யம்.

உடன் போய்த் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. "சாகிற நினைப்பெல்லாம் உங்களுக்கு இல்லைதானே, அக்கா?" என்று பதிலையும் சேர்த்தே கேட்டார்கள். கேட்டால் அந்த நினைப்பைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம். கேட்பதால் அது வராது என்பதை நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வை விட்டு, ஒருவர் நோயாளியாக நடிக்க மற்றவர் கேட்கும் தேர்வு வைத்தேன். "கடந்த இரண்டு வாரத்தில், செத்துப்போனால் தேவலை என்றோ, உங்களைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எத்தனை நாள் தோன்றியது?" என்று நேராகக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். மொத்த மதிப்பெண் மனச்சோர்வுக்கான எல்லையான 10-க்குக் கீழே இருந்தாலும், இந்தக் கேள்விக்கு 1 வந்தாலே அவரைத் தனியே விடாமல் மேற்பார்வையாளரை உடனே அழைக்க வேண்டும். இதில் தவறினால் மற்றவை சரியாக இருந்தாலும் மறுபயிற்சிதான்.