சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்லும் டெய்லர்: இந்தக் கதையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருமுனையில் ஒரு வயதான டெய்லர். சட்டை உடம்பில் விழுகிற விதத்தை வைத்தே வந்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார். சிறுகதைக்கு அருமையான கரு. ஆனால் எழுத உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலேயே பலரும் இப்படி ஒரு வரி போட்டுவிடுகிறார்கள்: "அவனுடைய வலது தோள் இறங்கியிருந்தது, இவன் நம்பத்தகாதவன் என்று டெய்லருக்குப் புரிந்துவிட்டது."

கதை அங்கேயே செத்துவிடுகிறது. முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் அவர்கள் புழங்குகிற கைப்பக்கம். அந்தப் பக்கம் கழுத்தடியிலிருந்து கைக்குழியை நோக்கிச் சாய்வாக ஒரு சுருக்கம் ஓடும். ஐம்பது வருஷம் கத்தரிக்கோல் பிடித்தவர் அதைப் பார்த்ததும் அந்தப் பக்கத் தோளை எவ்வளவு இறக்கி வெட்டுவது என்றுதான் யோசிப்பார். அதில் குணம் எதுவும் இல்லை. அதில் குணத்தைத் தேடுகிற டெய்லரை எழுதினால் அவர் கைரேகை ஜோசியராகிவிடுவார்.

அப்படியானால் குணம் எங்கே தெரியும்? சட்டை விழுகிற விதம் மாறுகிற நேரத்தில். இந்தக் கருவில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான், பலர் தவறவிடுவதும் இதைத்தான்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். நாற்பது வயதுக்காரர் ஒருவர் போன வாரம் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து "பின்னாடி தூக்குது மாஸ்டர், அளவு தப்பா எடுத்துட்டீங்க" என்கிறார். டெய்லர் பார்க்கிறார். பின்பக்க விளிம்பு மேலே ஏறி, முன்பக்கம் தொங்கி, காலர் பிடரியை விட்டு விலகி நிற்கிறது. முதுகு வளைந்தவருக்குத்தான் இப்படி ஆகும், ஏனென்றால் வளைந்த முதுகைச் சுற்றி வர துணி கூடுதலாகத் தேவை. ஆனால் நோட்டில் நிமிர்ந்த முதுகின் அளவுதான் இருக்கிறது. அளவு எடுத்த அன்று இவர் கண்ணாடி முன்னால் மார்பை நிமிர்த்தி, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். டெய்லர் "சரி, கொஞ்சம் நில்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு பாபினில் நூல் சுற்றுகிறார். அதற்குள் வந்தவருக்கு ஒரு போன் வருகிறது. "சரிங்க சார், சரிங்க சார்" என்று பேசப் பேச தோள்கள் முன்னால் வந்து, சட்டையின் பின்பக்கம் இன்னும் ஒரு விரல் ஏறுகிறது. பேசி முடித்ததும் கண்ணாடியைப் பார்க்கிறார், நிமிர்கிறார், விளிம்பு இறங்கிவிடுகிறது.

இதற்கு மேல் கதாசிரியர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. "அவர் பயந்த சுபாவம் உள்ளவர் என்று டெய்லர் உணர்ந்தார்" என்று எழுதினால் வாசகர் தானாகக் கண்டுபிடித்ததை அவர் கையிலிருந்து பிடுங்குவதாக ஆகும்.

அடுத்த தவறு, டெய்லரின் கண்ணை மட்டும் காட்டிவிட்டு வேலையை மறப்பது. தைத்து முடித்த சட்டையில் முதுகை நீட்ட முடியாது, தையலுக்குள் விட்டிருக்கும் கொஞ்சூண்டு துணி அதற்குப் போதாது. முன்பக்கத்தைக் கீழே வெட்டி மடித்து மட்டம் பண்ணலாம், ஆனால் காலர் விலகல் அப்படியேதான் இருக்கும். ஆக அவர் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: "சார், உங்களுக்கு முதுகு வளைவு" என்று முகத்துக்கு நேரே சொல்வதா, தன் தப்பு என்று ஏற்றுக்கொண்டு வேறு துணி வாங்கிவரச் சொல்வதா? வந்தவரின் குணத்தைப் படித்தவர் இப்போது தன் குணத்தைக் காட்டியாக வேண்டும். கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் முன்னால் சொன்னதையெல்லாம் இரண்டு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அவர் எப்போதும் சரியாகவே கணிக்கிறார் என்றும் எழுதாதீர்கள். தோள்தையல் கைமேல் ஒன்றரை இஞ்ச் இறங்கிக் கிடக்கும் சட்டையைப் பார்த்து அக்கறையில்லாத பையன் என்று அவர் நினைக்கலாம், அது அண்ணனுடைய பழைய சட்டையாக இருக்கலாம். இப்படி ஒரு இடத்தில் சறுக்கினால்தான் மற்ற இடத்தில் அவரை நம்பத் தோன்றும்.

காலத்தையும் கவனியுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் டெய்லருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது, காஜா எடுக்கவே ஆள் கிடைக்காது. பொங்கல் முடிந்த வாரத்தில், ஆல்டர் வேலை மட்டும் வரும் ஒரு மதியத்தில் கதையை வையுங்கள்.

முடிவுக்கு அளவு நோட்டு போதும். மறுபடி அளவு எடுக்கும்போது டெய்லர் அந்த நாற்பது வயதுக்காரரைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, "ஆபீஸ்ல வேலை எப்படி சார்?" என்று கேட்கிறார். தோள் தானாக முன்னால் வருகிறது. நாடாவை வைக்கிறார். அவர் போன பிறகு பேர் எதிரே எழுதுகிறார்: "முதுகு முக்கால் இஞ்ச் கூட."