பதிமூணு லாட் போட்டால் ஒண்ணாவது விழுமா?

குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் கணக்கில் ஏறியதும் பாபநாசத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். "தம்பி, ஒரு ஐ.பி.ஓ. வருது, பதிமூணு லாட் போடப் போறேன், நிறைய போட்டாத்தானே ஒண்ணாவது விழும்?" ஐ.பி.ஓ. என்றால் ஒரு கம்பெனி முதல் முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது, லாட் என்றால் அதில் குறைந்தபட்சம் கேட்க வேண்டிய பங்குக் கட்டு. சித்தப்பா சொன்னது சம்பா நடவுக்கு வைத்திருந்த பணத்தில் கிட்டத்தட்ட 2 லட்சம். நம் பக்கம் ஐ.பி.ஓ. போடுகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற தப்பு இதுதான்.

2 லட்சம் வரை போடுகிறவர் சில்லறை முதலீட்டாளர் என்ற கணக்கில் வருவார். லாபத்தில் ஓடும் கம்பெனி என்றால் பொதுவாக 35 சதவீதப் பங்கு இவர்களுக்கு. உதாரணத்துக்கு, அந்த ஒதுக்கீட்டில் 70,000 லாட் இருக்கிறது, 7 லட்சம் பேர் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கம்ப்யூட்டரில் குலுக்கல்தான், பத்தில் ஒருவருக்கு ஒரே ஒரு லாட். சீட்டு லாட்டுக்கு இல்லை, ஆளுக்கு ஒன்று. அதனால் ஒரு லாட் போட்டவரும் பதிமூணு லாட் போட்டவரும் குலுக்கலில் சமம். சித்தப்பாவின் மீதி பன்னிரண்டு லாட் பணம் சும்மா முடங்கிக் கிடந்துவிட்டு விடுபடும், அவ்வளவுதான்.

2024 செப்டம்பரில் பஜாஜ் ஹவுசிங் ஃபைனான்ஸ் வந்தபோது 70 ரூபாய் விலை, 214 பங்கு ஒரு லாட், 14,980 ரூபாய். 150 ரூபாயில் லிஸ்ட் ஆனது, அதாவது சந்தையில் முதல் வியாபாரம் அந்த விலையில் தொடங்கியது. கிடைத்தவருக்கு ஒரு லாட்டில் அன்றைக்கே 17,000 ரூபாய் லாபம், ஆனால் லட்சக்கணக்கானவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அடுத்த மாதமே ஹூண்டாய் வந்தது. விலை 1,960, ஏழு பங்கு ஒரு லாட், 13,720 ரூபாய். சில்லறை ஒதுக்கீட்டில் பாதிக்குத்தான் ஆள் வந்தார்கள், ஆகவே குலுக்கலே இல்லை, கேட்டவருக்குக் கேட்டதெல்லாம் கிடைத்தது. பதினாலு லாட் கேட்டவர் கையில் 98 பங்கு, 1,92,080 ரூபாய். 1,934-ல் லிஸ்ட் ஆகி அன்று மாலை சுமார் 1,820-ல் நின்றது, அதாவது ஒரே நாளில் ஏறக்குறைய ஒரு லாட்டுக்குக் கொடுத்த பணம் காணாமல் போனது. (பிறகு 2025-ல் அந்தப் பங்கு 1,960-ஐத் தாண்டி ஏறியது, அது காத்திருக்க முடிந்தவர்களுக்கு. நடவுக் கூலி காத்திருக்காது.)

சித்தப்பாவுக்கு நான் சொன்னதும் இதுதான்: எல்லோருக்கும் வேண்டிய பங்கு உங்களுக்கு ஒரு லாட்தான் விழும், அதுவும் விழுந்தால், யாருக்கும் வேண்டாததுதான் பதிமூணும் வந்து சேரும். எது எந்த ரகம் என்று முதல் நாளே தெரியாது. பெரிய முதலீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் கடைசி நாளான மூன்றாவது நாள் மதியத்துக்கு மேல்தான் பங்கு கேட்கும், அதனால் முதல் நாள் காலையிலேயே ஓடிப்போய்ப் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. கடைசி நாள் மதியம் பங்குச்சந்தை தளத்தில் சில்லறைப் பிரிவுக்கு எத்தனை மடங்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்குக் கீழே நின்றால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அர்த்தம், அப்போது கேள்வி மாறிவிடுகிறது: இத்தனை பங்கையும் இந்த விலைக்கு வைத்துக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா? இல்லையென்றால் மூடுவதற்குள் குறைத்துக்கொள்ளலாம், ரத்தும் செய்யலாம், சில்லறைக்காரருக்கு அந்த உரிமை உண்டு. லிஸ்ட் ஆகும் முன்பே சந்தைக்கு வெளியே பேசிக்கொண்டு வாட்ஸ்அப்பில் சுற்றும் கிரே மார்க்கெட் விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதற்குப் பொறுப்பாளி என்று யாருமே கிடையாது.

விலையில் ஒரு சின்ன விஷயம். 66-லிருந்து 70 என்று வரம்பு கொடுத்தால் மலிவாகக் கிடைக்கட்டும் என்று 66 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வரவேற்பு நன்றாக இருந்தால் 70-தான் விலையாகும், 66 போட்டவர் குலுக்கலுக்கே போகமாட்டார். கட்-ஆஃப் என்பதை டிக் செய்தால் முடிகிற விலை எதுவோ அதற்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

வாய்ப்பைக் கூட்ட வேண்டுமா, சித்தி பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று போடலாம், ஆளுக்கு ஒரு லாட். ஆனால் அவரவர் பான், பங்கு வைக்கிற டீமேட் கணக்கும் அவரவருடையது, பணமும் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து. சித்தி விண்ணப்பத்துக்கு மகன் தன் யு.பி.ஐ.-யில் ஒப்புதல் கொடுத்தால் தள்ளுபடியாகும். ஒரே பானில் இரண்டு போட்டாலும் அதே கதி. அந்த யு.பி.ஐ. ஒப்புதலைக் கடைசி நாள் மாலை 5 மணிக்குள் கொடுத்தாக வேண்டும். ஆப்பில் விண்ணப்பம் போட்டதோடு முடிந்தது என்று விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

பணம் கணக்கிலேயே முடக்கப்படும், வட்டி நிற்காது, மூடி மூன்று வேலை நாளில் லிஸ்டிங். நடுவில் சனி ஞாயிறு, விடுமுறை வந்தால் ஒரு வாரம் இழுக்கும். சித்தப்பா நாற்றுப் பறிக்கிற தேதியை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு லாட் தன் பெயரில், ஒன்று சித்தி பெயரில் போட்டார். சித்தப்பாவுக்கு விழவில்லை. சித்திக்கு விழுந்தது.