“சம்பளத்தைக் கூட்டித் தாரோம், இரு” என்றால்: மேனேஜர் மனம் கோணாமல் மறுப்பது எப்படி?

ராஜினாமா கடிதம் கொடுத்த இரண்டு மூன்று நாளில் மேனேஜர் தனியாகக் கூப்பிடுவார். “தம்பி, மேல பேசிட்டேன். அவன் தார சம்பளத்த நாமளே தாரோம். நீ போவ வேண்டாம்டே” என்பார். இதற்குத்தான் கவுண்டர் ஆஃபர் என்று பெயர். போவது என்று முடிவெடுத்துவிட்ட ஒருவர் இதை எப்படி மறுப்பது என்பது மட்டும்தான் இங்கே விஷயம்.

முதலில் அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். உங்கள் மேனேஜர் ஜி.எம். அறைக்குப் போய், “நல்ல பையன், விடக்கூடாது” என்று வாதாடியிருப்பார். ஹெச்.ஆரிடம் பட்ஜெட் கேட்டிருப்பார். “சம்பளம் கூட்டிக் கொடுத்தா இருந்துருவான், நான் பொறுப்பு” என்றும் சொல்லியிருக்கலாம். இதற்கெல்லாம் பிறகு நீங்கள் மறுத்தால் மேலிடத்தில் அவர் சொன்ன சொல் பொய்த்துப் போகிறது. மனக்கசப்பு பெரும்பாலும் நீங்கள் போவதால் வருவதில்லை, இதனால்தான் வருகிறது. ஆகவே அவர் மேலே போய்க் கேட்பதற்கு முன்பே தடுப்பதுதான் சிறந்த மறுப்பு. அது தவறிப்போனால், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. அங்கே மூன்றரை வருடமாக வேலை பார்க்கும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வீடு பாளையங்கோட்டை, போக வர கம்பெனி பஸ். சம்பளம் 28,000 ரூபாய். கோயம்புத்தூரில் 36,000 ரூபாய்க்கு வேலை கிடைத்திருக்கிறது. நோட்டீஸ் பீரியட் 60 நாள். ஜனவரி 5, திங்கட்கிழமை கடிதம் கொடுக்கிறார் என்றால் மார்ச் 6 வெள்ளிக்கிழமை கடைசி நாள். 9-ஆம் தேதி திங்கட்கிழமை புது இடத்தில் சேரலாம்.

படி 1: கடிதம் கொடுக்கும் முன்பே கணக்கை முடியுங்கள்

புதுக் கம்பெனியின் ஆஃபர் லெட்டர் கையெழுத்தோடு கையில் இருக்க வேண்டும். போனில் “கன்பர்ம்” என்று சொன்னது போதாது. பிறகு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கேயே 36,000 கொடுத்தால் இருப்பேனா? கோயம்புத்தூரில் வாடகை, சாப்பாடு, மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாம் கழித்துப் பார்த்தால் 8,000 ரூபாய் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் போய்விடலாம். இருப்பேன் என்று மனசு சொன்னால் ராஜினாமா செய்யாதீர்கள். நேராகச் சம்பள உயர்வு கேளுங்கள். கடிதத்தை மிரட்டலாகக் காட்டிச் சம்பளம் வாங்குவது வேறு காரியம், அதில் நல்லுறவு மிஞ்சாது.

படி 2: இங்கே தீர்க்க முடியாத ஒரே ஒரு காரணம்

பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். “சம்பளம் பத்தல சார்” என்றால் சம்பளம் கூட்டித் தருவார். “நைட் ஷிஃப்ட் ஒத்துக்கல” என்றால் ஜெனரல் ஷிஃப்டுக்கு மாற்றுவார். குறையாகச் சொல்லும் எதுவும் பேரத்துக்குத் திறந்துவிடும் கதவுதான். பிறகு அதையெல்லாம் சரிசெய்து கொடுத்தும் நீங்கள் போனால், “கேட்டதெல்லாம் குடுத்தேனே” என்ற வருத்தம் நியாயமாகவே அவருக்கு வரும்.

உண்மையான காரணமாக இருக்க வேண்டும். அதே சமயம் இந்த இடத்தில் கிடைக்காத ஒன்றாகவும் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. இங்கே அவர் வெர்னியர், மைக்ரோமீட்டர், கேஜ் வைத்து அளக்கிறார். போகிற இடத்தில், கம்ப்யூட்டர் மூலம் பாகங்களைத் துல்லியமாக அளக்கும் சி.எம்.எம். மெஷினில் புரோகிராம் எழுதும் வேலை. அந்த மெஷின் இங்கே இல்லை. அதற்காக ஒரு மெஷின் வாங்கிப் போட மேனேஜரால் ஆகாது என்று இருவருக்கும் தெரியும். சம்பளமும் ஒரு காரணம்தான் என்றால் இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம். அதை முன்னால் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கடிதம் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்:

“சார், சி.எம்.எம். கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆச. அந்த வேல கெடச்சிருக்கு, முடிவு பண்ணிட்டேன். எனக்காக மேல யார்ட்டயும் போய்க் கேக்காதிய சார். நீங்க கேட்டு நான் மறுக்கும்படி ஆச்சுன்னா எனக்கே மனசு கஷ்டமா இருக்கும்.”

கடைசி இரண்டு வரிதான் முக்கியம். அவர் ஜி.எம். அறைக்குப் போகும் முன்பே அவரைக் காப்பாற்றுகிறது. இதைக் கேட்டும் சிலர் போய்க் கேட்பார்கள். ஆனால் நீங்கள் முன்னாலேயே சொன்னது அவர் நினைவில் நிற்கும்.

படி 3: சொன்ன தொகையை அலசாதீர்கள்

வியாழக்கிழமை, 8-ஆம் தேதி, அவர் கூப்பிட்டு 35,000 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். “அதுல பேசிக் எவ்வளவு சார்? எப்போதிலிருந்து?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். விவரம் கேட்டாலே பாதி சம்மதம் என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் அந்த 7,000 ரூபாயில் ஒரு பகுதி டார்கெட்டைப் பொறுத்த இன்சென்டிவ் ஆகவோ, ஏப்ரலில் வர வேண்டிய இன்கிரிமென்டை முன்னதாகக் கொடுப்பதாகவோ இருக்கும். போக முடிவெடுத்தவருக்கு அந்த ஆராய்ச்சி தேவையில்லை.

“எவ்வளவு தாரான் அங்க?” என்று கேட்டால், “அத வெச்சு முடிவெடுக்கல சார், அதனால அந்தப் பேச்சு வேண்டாமே” என்றால் போதும்.

படி 4: “பொங்கல் கழிச்சுச் சொல்லு”

இதுதான் கண்ணி. மேனேஜர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்: “வீட்ல கலந்து பேசு, பொங்கல் முடிஞ்சு வந்து சொல்லு.” உடனே முகத்துக்கு நேரே மறுக்கச் சங்கடப்பட்டு நாமும் தலையாட்டிவிடுவோம்.

அந்தத் தலையாட்டலின் விலையைப் பாருங்கள். பொங்கல் லீவு முடிந்து 19-ஆம் தேதி திங்கட்கிழமைதான் பேச்சு. அதற்குள் 11 நாள் போய்விட்டது. நீங்கள் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் அவர் மாற்று ஆள் தேடுவதை நிறுத்தியிருப்பார். நோட்டீஸ் பீரியட் அவருக்காக நிற்காது. புது ஆளை எடுத்து, உங்கள் பக்கத்தில் நிறுத்திப் பழக்க இருந்த 60 நாளில் இரண்டு வாரம் வீண். மார்ச் மாதம் லைனில் ஆள் இல்லாமல் திண்டாடும்போது அவருக்கு உங்கள் முகம்தான் ஞாபகம் வரும்.

அன்றைக்கே சொல்ல வாய் வரவில்லை என்றால், “நாளைக்குக் காலைல சொல்லுதேன் சார்” என்று கேட்டு, வெள்ளிக்கிழமை காலையில் சொல்லிவிடுங்கள். ஓர் இரவுக்கு மேல் வேண்டாம்.

படி 5: சொல்லும் விதம்

நேரில், கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு பேர் மட்டும். காலை புரொடக்‌ஷன் மீட்டிங்குக்கு முன்னால் வேண்டாம். மீட்டிங் முடிந்து அவர் டீ குடிக்கும் நேரம் நல்லது. வாட்ஸாப்பில் ஒருபோதும் வேண்டாம். அவர் செய்ததைக் குறிப்பாகச் சொல்லி நன்றி சொல்லுங்கள். பிறகு முடிவு, அடுத்து வேலை.

“சார், எனக்காக நீங்க ஜி.எம். வரைக்கும் போய்ப் பேசினத மறக்க மாட்டேன். ஆனா நான் போறதுன்னே முடிவு பண்ணிட்டேன். மார்ச் 6 வரைக்கும் முழுசா இருக்கேன். அடுத்த ஆளுக்கு எல்லாத்தையும் நானே சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்.”

“பாக்கலாம் சார்”, “கஷ்டமா இருக்கு சார்” என்றெல்லாம் இழுத்தால் இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். அவர் மறுபடி கேட்டாலும், ஹெச்.ஆர். கூப்பிட்டுக் கேட்டாலும் இதே காரணம், இதே வார்த்தை. ஹெச்.ஆரிடம் புதிதாக ஒரு காரணம் சொன்னால் அது மேனேஜரிடம் திரும்பி வரும், “என்கிட்ட ஒண்ணு, அங்க ஒண்ணா?” என்ற கேள்வியில் உறவு அறுந்துவிடும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் நடக்கும். அப்பாவைத் தெரிந்த மேனேஜர் என்றால் வீட்டுக்கே போன் போடுவார்: “அண்ணாச்சி, பையன்ட்ட கொஞ்சம் சொல்லுங்க.” வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். அப்பா, “அவன்தான் யோசிச்சு எடுத்த முடிவு சார், உங்க மேல ரொம்ப மரியாதையா பேசுவான்” என்று சொன்னால் போதும். “எனக்கும் இஷ்டமில்ல, சொல்லிப் பாக்கேன்” என்று அவர் சொல்லிவிட்டால் படி 3-லிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

படி 6: அன்று மாலை ஒரு மெயில்

நாலு வரி போதும்.

> மதிப்பிற்குரிய சார், இன்று காலை நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. பேசியபடி, ஜனவரி 5 தேதியிட்ட என் ராஜினாமாவில் மாற்றம் இல்லை. மார்ச் 6 என் கடைசி வேலை நாள். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

35,000 என்ற எண்ணை இதில் எழுதாதீர்கள். மேனேஜர் வாய்மொழியாகச் சொன்னதற்கு முழு அனுமதி வாங்காமல் இருந்திருக்கலாம். எழுத்தில் வந்தால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த எண்ணை கம்பெனி பஸ்ஸிலும் சொல்லாதீர்கள். அதே வேலையை 28,000 ரூபாய்க்குப் பார்க்கும் நண்பரின் காதில் விழுந்தால், மறுநாளே மூன்று பேர் மேனேஜர் அறை வாசலில் நிற்பார்கள். அதை அவர் மறக்கவே மாட்டார்.

படி 7: மீதி நாட்கள்

மறுத்த பிறகு சில நாள் அவர் முகம் கொடுக்காமல் இருக்கலாம். மேலிடத்தில் அவருக்கு ஒரு பேச்சு விழுந்திருக்கும். சமாதானம் சொல்லப் போக வேண்டாம். தினசரி ரிப்போர்ட்டை வழக்கம்போல நேரில் கொடுங்கள். வேலைப் பேச்சு ஓடினால் மற்றது தானாகச் சரியாகும்.

சொன்னபடி திங்கட்கிழமை பட்டியலை அனுப்புங்கள். எந்தக் கேஜுக்குக் காலிபரேஷன் எந்தத் தேதியில் முடிகிறது, எந்தச் சப்ளையரின் சரக்கில் எந்த அளவு அடிக்கடி விலகுகிறது, முடியாமல் நிற்கும் கஸ்டமர் புகார்கள் எவை என்று எழுதுங்கள். இரண்டாவது ஷிஃப்டில் இருப்பவர் உங்களுக்குப் போன் செய்யாமலே வேலையை முடிக்கும் அளவுக்கு அது இருக்க வேண்டும்.

கடைசி வாரம் நோ-டியூஸ் படிவத்தில் மேனேஜர் கையெழுத்தை முதலில் வாங்குங்கள். ரிலீவிங் லெட்டர் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் வரும். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைக் கம்பெனி பதிந்துவிட்டதா என்று ஏப்ரலில் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் மேனேஜரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், ஹெச்.ஆருக்கு மெயில் போடுங்கள். கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் ஆனபின் பி.எஃப். இணையதளத்தில் நீங்களே பதியவும் வழி இருக்கிறது. மேனேஜருக்கு முதல் போனை வேறு எதற்காவது வையுங்கள்: புது ஆள் அந்தச் சப்ளையர் அளவைப் பிடித்துக்கொண்டாரா என்று கேட்க.