வாள்வீச்சில் இரண்டு விளக்கும் எரிந்தால் புள்ளி யாருக்கு?

ஹட்டனில் மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம், லயத்து வீட்டில் கைத்தொலைபேசியில் வாள்வீச்சுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா மகன் கேட்டான்: "மாமா, ரெண்டு பேருக்கும் லைட் எரிஞ்சிச்சு. பிறகு ஏன் ஒருத்தருக்கு மட்டும் புள்ளி?" புதிதாகப் பார்க்கும் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான்.

முதலில் உடுப்பைப் பாருங்கள், எந்த வாள் என்று தெரிந்துவிடும். உடம்புக்கு மட்டும் பளபளக்கும் உலோக இழை மேலுடுப்பு இருந்தால் அது ஃபாயில். கையும் முகக்கவசமும்கூட உலோகமாக இருந்தால் சேபர். உலோக மேலுடுப்பே இல்லையென்றால் எப்பே.

அடுத்து விளக்கு. அது எரிவது குத்து வாங்கியவருக்கு அல்ல, குத்தியவருக்கு. ஃபாயிலில் சிவப்பு அல்லது பச்சை எரிந்தால் குத்து உடம்பில் பட்டது. வெள்ளை எரிந்தால் கை, கால், தலை என்று வேறெங்கோ பட்டது. முதல் குத்து விழுந்து 300 மில்லி நொடிக்குள் மற்றவரும் குத்தினால் அவர் விளக்கும் எரியும். அப்போது யார் முந்தினார் என்பதல்ல, யாரிடம் தாக்கும் முன்னுரிமை இருந்தது என்பதுதான் கேள்வி. அதை நடுவர் தீர்மானிக்கிறார்.

இதைப் புரியவைக்க நாளிதழைச் சுருட்டி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். நான் சிவப்பு, அவன் பச்சை. நான் கையை நீட்டி, நுனியை அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து முன்னேறினேன். முன்னுரிமை எனக்கு. அவன் தடுக்காமல் கையை நீட்டினான், இருவரும் பட்டோம். புள்ளி எனக்கே.

மறுபடி வந்தேன். இந்த முறை அவன் என் சுருளைத் தட்டிவிட்டு உடனே திருப்பிக் குத்தினான். நானும் விடாமல் குத்தினேன். இரண்டு விளக்கும் எரிந்திருக்கும், ஆனால் தட்டிய கணமே முன்னுரிமை அவனிடம் போய்விட்டது. புள்ளி அவனுக்கு. என் குத்து எங்குமே படாமல் போய், அதன்பிறகு அவன் குத்தியிருந்தாலும் இதே கதைதான். கையை மடக்கியபடி வெறுமனே ஓடி வந்தால் முன்னுரிமை கிடைக்காது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. முன்னுரிமையோடு வந்த என் குத்து அவன் தோளைத் தாண்டி கையில் பட்டது. அவனுடையது என் நெஞ்சில். எனக்கு வெள்ளை, அவனுக்குப் பச்சை. "அப்ப எனக்குத்தானே?" என்றான். இல்லை. முன்னுரிமை உள்ள தாக்குதல் குறிக்கு வெளியே பட்டதால் யாருக்கும் புள்ளி இல்லை, மறுபடி தொடங்க வேண்டும்.

அதனால் விளக்கு எரியும் முன்பே கைகளைக் கவனியுங்கள்: யார் நீட்டினார், யார் தட்டினார். அப்புறம் நடுவரின் கை எந்தப் பக்கம் உயர்கிறது என்று பாருங்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் பவானி தேவி ஆடியது சேபர். அதிலும் முன்னுரிமை உண்டு, வெள்ளை விளக்கு இல்லை. இடுப்புக்கு மேலே கையும் தலையும் குறிதான், வெட்டவும் செய்யலாம். எப்பேயில் முன்னுரிமையே கிடையாது, உடம்பு முழுக்கக் குறி. கிட்டத்தட்ட ஒரே கணத்தில் இருவரும் குத்தினால் இருவருக்கும் புள்ளி. பதினைந்து புள்ளி ஆட்டத்தில் 14-14 என்று நிற்கும்போது மட்டும், இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தால் அது கணக்கில் வராது.