ஆர்.டி.ஐ. முதல் மேல்முறையீடு: 30 நாள் தாண்டிவிட்டால் தாமத மன்னிப்பு மனு எழுதுவது எப்படி?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 19(1)-இன்படி, பொதுத் தகவல் அலுவலரின் பதிலை எதிர்த்துச் செய்யும் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மனு செய்ய முடியாதபடி தக்க காரணம் தடுத்தது என்று மேல்முறையீட்டு அலுவலர் திருப்தியடைந்தால், தாமதமாக வந்த மனுவையும் ஏற்கலாம். அந்தத் திருப்தியை உண்டாக்குவதுதான் உங்கள் கடிதத்தின் வேலை.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

பதில் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியை வைத்து எண்ணக்கூடாது. அது உங்கள் கைக்குக் கிடைத்த நாளே கணக்கு. 3.3.2025 தேதியிட்ட பதில் 10.3.2025 அன்று பதிவுத் தபாலில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கிடைத்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ணினால் கடைசி நாள் 9.4.2025. மனு கொடுப்பது 28.4.2025 என்றால் தாமதம் 19 நாள். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள முத்திரை தேவைப்படும்.

பிறகு காரணம்

பலரும் சறுக்குவது இங்கேதான். "உடல்நிலை சரியில்லாததால் தாமதம்" என்ற ஒற்றை வரி போதாது. காரணம் கெடு முடிவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஏப்ரல் 12-இல் வந்த காய்ச்சல், 9-ஆம் தேதி ஏன் மனு வரவில்லை என்பதற்குப் பதிலாகாது. கடைசி நாளிலிருந்து மனு கொடுத்த நாள்வரை இடைவெளி விடாமல் விளக்குங்கள். நம் உதாரணத்தில் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையும்:

> தங்கள் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரின் பதில் 10.3.2025 அன்று எனக்குக் கிடைத்தது. டைபாய்டு காய்ச்சலுக்காக 2.4.2025 முதல் 14.4.2025 வரை மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். மருத்துவர் அறிவுரைப்படி 25.4.2025 வரை வீட்டில் ஓய்வில் இருந்தேன். 26, 27 சனி, ஞாயிறு என்பதால் 28.4.2025 அன்று இம்மேல்முறையீட்டைச் சமர்ப்பிக்கிறேன். 19 நாள் தாமதத்தை மன்னித்து, பிரிவு 19(1)-இன்கீழ் மனுவை ஏற்கக் கோருகிறேன்.

இதற்கு மேலே பெறுநர் முகவரியும், "தாமதத்தை மன்னிக்கக் கோருதல்" என்ற பொருளும், பதில் கடிதத்தின் எண், தேதியும் வர வேண்டும்.

ஆவணங்கள்

தபால் உறையின் நகல், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, ஓய்வு பரிந்துரைத்த சான்றிதழ் மூன்றும் போதும். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு தேதியும் இவற்றில் ஏதாவது ஒன்றில் தெரிய வேண்டும். சான்றிதழ் 20-ஆம் தேதிவரை ஓய்வு என்று சொன்னால், மிச்ச நாளுக்கு உண்மையான காரணத்தை எழுதுங்கள். தேதியை நீட்டிச் சொல்லாதீர்கள். ஒரு தேதி பொய்யென்று தெரிந்தால், மற்ற காரணத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மன்னிப்பு மனுவைத் தனித்தாளில் எழுதி, மேல்முறையீட்டோடு ஒரே உறையில் பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். தாமதத்தைக் காட்டி நிராகரித்தால், அந்த உத்தரவு கிடைத்த 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். இதே ஆவணங்களின் நகல் அங்கும் தேவைப்படும்.