பசிபிக் குப்பைத் திட்டு: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கை "குப்பைத் தீவு" என்று எழுதுவதுதான் முதல் தவறு. படித்தவர் மனதில் ஆள் நடக்கக்கூடிய ஒரு மேடு பதிந்துவிடுகிறது. அப்புறம் செயற்கைக்கோள் படத்தில் அது தெரியவில்லை என்றதும், எல்லாமே கட்டுக்கதை என்கிறார்.

2018இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டையே எடுத்து வகுத்துப் பாருங்கள். பரப்பு சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டர். மிதக்கும் எடை சுமார் 79,000 டன். துண்டுகள் சுமார் 1.8 லட்சம் கோடி. ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 கிலோ, ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு துண்டுதான் வருகிறது. அந்தத் துண்டும் பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் சிறியது. கப்பல் தளத்தில் நின்று பார்த்தால் வெறும் நீலக் கடல்தான் தெரியும். நுண்ணிய வலையை இழுத்து, அதன் அடிப்பையைக் கழுவிக் கொட்டினால்தான் வண்ணத் துகள்கள் கண்ணில் படும்.

இதிலேயே இன்னொரு தவறும் ஒட்டிக்கொண்டு வரும். எண்ணிக்கையையும் எடையையும் குழப்பக் கூடாது. எண்ணினால் நூற்றில் 94 நுண்துகள்கள். நிறுத்துப் பார்த்தாலோ அவை மொத்த எடையில் 8 சதவீதம்தான். எடையில் கிட்டத்தட்ட பாதி மீன்பிடி வலைகள். எதை அகற்றலாம், எப்படி அகற்றலாம் என்ற பேச்சு இந்த இரண்டில் எதை முன்னால் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே மாறும்.

அடுத்தது, பெரும்பாலான பாடங்களில் காணும் தவறு: பெருஞ்சுழல், அதாவது பெருங்கடல் அளவில் வட்டமாக ஓடும் நீரோட்டம், சுற்றுவதால் குப்பை நடுவில் சேர்கிறது என்பது. தேநீரைக் கரண்டியால் சுற்றினால் தூள் நடுவில் சேர்வதைக் காட்டி விளக்குவார்கள். கடலில் நடப்பது அதுவல்ல. வட பசிபிக்கின் தெற்கே வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. வடக்கே மேலைக்காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. பூமி சுழல்வதால், காற்று தள்ளும் மேல்மட்ட நீர் காற்றின் திசையிலேயே போவதில்லை. சில பத்து மீட்டர் தடிமனுள்ள அந்த நீரடுக்கின் மொத்த நகர்வு, வட அரைக்கோளத்தில் காற்றுக்கு 90 பாகை வலப்புறமாக அமைகிறது. இதை எக்மன் நகர்வு என்பார்கள். ஆகவே தெற்கே உள்ள நீர் வடக்கு நோக்கியும், வடக்கே உள்ள நீர் தெற்கு நோக்கியும் தள்ளப்பட்டு நடுவில் வந்து கூடுகிறது. கூடிய நீர் கடல்மட்டத்தை லேசாக உயர்த்துகிறது. அந்த மேட்டைச் சுற்றித்தான் கடிகார முள் திசையில் பெருஞ்சுழல் ஓடுகிறது. குவிப்பதும் காற்று, சுழலை ஓட வைப்பதும் காற்று. சுழல்தான் குவிக்கிறது என்று சொன்னால் காரணம் தலைகீழாகிவிடும்.

இங்கே விட்டுவிடக் கூடாத ஒரு படி உண்டு. நடுவில் கூடிய நீர் அங்கேயே தங்குவதில்லை, மிக மெதுவாகக் கீழே இறங்கிவிடுகிறது. பாலிஎதிலீனும் பாலிபுரொப்பிலீனும் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தவை, இறங்காமல் மேலேயே நிற்கின்றன. நீர் போய்விடுகிறது, பிளாஸ்டிக் தங்கிவிடுகிறது. குப்பைத் திட்டு உருவாவது இந்தப் பிரிவினால்தான். தண்ணீர் பாட்டிலின் உடல் பெட் பிளாஸ்டிக், கடல்நீரைவிடக் கனமானது. மூடி கழன்று நீர் புகுந்தால் பாட்டில் மூழ்கிவிடும், மூடி மட்டும் மிதந்து போகும். "கடலில் விழும் பிளாஸ்டிக்கெல்லாம் குப்பைத் திட்டுக்குப் போய்ச் சேரும்" என்று எழுதாதீர்கள். பாதி வழியில் மூழ்குவதும் கரையில் ஒதுங்குவதும் ஏராளம்.

மூன்றாவது தவறு, மிதக்கும் பொருளெல்லாம் ஒரே வேகத்தில், ஒரே வழியில் போகும் என்று நினைப்பது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய சுனாமி இதற்கு நல்ல சான்று. ஜப்பான் அரசின் மதிப்பீட்டில் சுமார் 50 லட்சம் டன் இடிபாடுகள் கடலுக்குள் போயின. ஏறக்குறைய 15 லட்சம் டன் மிதந்தன. எல்லாம் புறப்பட்டது ஒரே நாளில்தான் என்றாலும், நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மிதவைகள் அடுத்த குளிர்காலத்திலேயே அமெரிக்க மேற்குக் கரையைத் தொடத் தொடங்கின. நீரோடு அமிழ்ந்து மிதந்தவை அவ்வளவு விரைவாக வரவில்லை.

காரணத்தைக் கணக்காகவே போடலாம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று கொள்ளுங்கள். உயர்ந்து நிற்கும் மிதவை அந்த வேகத்தில் 3 சதவீதத்தைப் பெற்றால், நீரோட்டம் தருவதற்கு மேல் நாளுக்கு 26 கிலோமீட்டர் நகரும். முழுக்க அமிழ்ந்த வலைக்கு இந்தப் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். பெருங்கடலின் நடுப்பகுதியில் நீரோட்டமே பெரும்பாலும் நாளுக்குப் பத்து கிலோமீட்டர் அளவில்தான் ஓடும் என்பதால் இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. காற்று பிடிக்கும் பொருளைக் குப்பை குவியும் பகுதியைத் தாண்டி மேலைக்காற்று கரைக்கே தள்ளிவிடும். காற்று பிடிக்காதது நடுவில் சிக்கிக்கொள்ளும். குப்பைத் திட்டில் வலையும், கயிறும், தடித்த பிளாஸ்டிக் உடைசலும் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே, ஒரு பொருள் எங்கே போகும் என்று கணிக்குமுன் அது நீருக்கு மேல் எவ்வளவு தெரிகிறது என்று கேளுங்கள்.

அளவெடுப்பவர்களுக்கும் காற்று தொல்லை கொடுக்கும். பலத்த காற்றில் அலைகள் நுண்துகள்களைச் சில மீட்டர் ஆழத்துக்குக் கலக்கிவிடும். மேற்பரப்பில் இழுத்த வலையில் குறைவாகவே சிக்கும். அன்றைய காற்றின் வேகத்தைக் குறிக்காமல் இரண்டு நாள் எண்ணிக்கைகளை ஒப்பிட்டு "குப்பை குறைந்தது" என்பது பிழை.

இடமும் முக்கியம். 1992 ஜனவரி 10 அன்று, வட பசிபிக்கின் நடுவே ஒரு சரக்குக் கப்பலிலிருந்து பெட்டகங்கள் கடலில் விழுந்தன. அவற்றில் ஒன்றில் 28,800 குளியல் பொம்மைகள் இருந்தன: மஞ்சள் வாத்து, பச்சைத் தவளை, நீல ஆமை, சிவப்பு பீவர். விழுந்த இடம் ஏறத்தாழ 45 பாகை வட அட்சரேகை. அது குப்பை குவியும் பெருஞ்சுழலின் வடவிளிம்பு. பத்து மாதங்கள் கழித்து அவற்றில் சில அலாஸ்காவின் சிட்கா கரையில் ஒதுங்கின. கர்டிஸ் எப்ஸ்மேயர், ஜேம்ஸ் இங்கிரகாம் என்ற இரு கடலியலாளர்கள் கரையில் கிடைத்தவற்றைப் பதிவுசெய்து, தங்கள் கணினி மாதிரியைச் சரிபார்த்தார்கள். அலாஸ்கா பக்கம் சுற்றும் வடசுழல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே எக்மன் நகர்வு நீரை வெளிப்பக்கம் விரிக்கிறது, ஆகவே மிதப்பவை நடுவில் குவியாமல் கரைகளை நோக்கித் தள்ளப்படுகின்றன. பசிபிக்கில் விழுந்தது என்பதாலேயே குப்பைத் திட்டில் சேர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது.

இந்தப் படத்தை அப்படியே வங்கக் கடலுக்குப் பொருத்துவது நம்மிடையே அடிக்கடி நடக்கும் தவறு. வட இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே நிலம் அடைத்து நிற்கிறது. பருவக்காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. நிலையான காற்றுப் பட்டைகள் இல்லாததால் நிலையான குவிமையமும் இல்லை. நமது கிழக்குக் கரையோர நீரோட்டம் தென்மேற்குப் பருவத்துக்கு முந்தைய மாதங்களில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. இங்கே விழும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு சுற்றியுள்ள கரைகளிலேயே ஒதுங்குகிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது, அதில் இருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகளில் பெருமளவு கடலில் கொட்டியது. நடுக்கடலில் ஒரு திட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. தென்மேற்குக் காற்று வலுக்கும் பருவம் அது, குருணைகள் சில நாட்களிலேயே இலங்கையின் மேற்குக் கரை மணலில் வந்து குவிந்தன. இப்படி ஒரு கசிவு நடந்தால், எந்த மாதம், எந்தக் காற்று என்று பார்த்து, அந்தப் பக்கத்துக் கரைக்கு முதல் சில நாட்களிலேயே ஆட்களையும் சல்லடைகளையும் அனுப்புவதே சரி. அலை குருணைகளை மணலுக்குள் புதைத்துவிட்டால், அதன் பிறகு அடுக்கடுக்காகத் தோண்டிச் சலிக்க வேண்டிவரும்.