மேக்னட் சார்ஜிங் கேபிள்: போனுக்கு சரி, லேப்டாப்புக்கு வேண்டாம்

சிம் லிம் ஸ்கொயர்லயும் ஆன்லைன்லயும் நிறைய பேர் மேக்னட் கேபிள் வாங்குறாங்க. போன் போர்ட்ல ஒரு குட்டி முனைய நிரந்தரமா செருகி வச்சுடுவோம், கேபிள் காந்தத்தால அதுல ஒட்டிக்கும், யாராவது கால் தட்டுனா போன இழுக்காம தானா கழண்டுடும். சின்னப் புள்ளைங்க ஓடுற வீட்டுக்கு நல்ல விஷயம்தான்.

ஆனா டப்பால 100 வாட்னு போட்டிருக்கேன்னு லேப்டாப்புக்கு மாட்டாதீங்க, ப்ளீஸ். 65 வாட் சார்ஜர் லேப்டாப்புக்கு 20 வோல்ட் அனுப்பும். சாதாரண டைப்-சி பிளக் நேரா உள்ள போயி நேரா வெளிய வரும், ஒரு பின் பக்கத்து பின்ன தொடாது. மேக்னட் கேபிள் பக்கவாட்டுல சறுக்கிக் கழலும், அப்போ கரண்ட் இன்னும் ஓடிட்டு இருக்க, அந்த 20 வோல்ட் பின், தனக்குப் பக்கத்துல இருக்குற சிக்னல் பின்ன ஒரு கணம் தொட்டாலே போதும், சார்ஜிங் சிப் போயிடலாம். டைப்-சி விதிமுறையே இந்த மாதிரி முனைய ஏத்துக்கிறதில்ல.

போனுக்கு சாதாரண 5 வோல்ட் சார்ஜர்ல போடுங்க. இன்னொண்ணு, பழைய யூஎஸ்பி-ஏ சார்ஜர்னா போன் இல்லாட்டியும் கேபிள் முனைல 5 வோல்ட் இருக்கும், காந்தம் ஸ்டேப்ளர் பின்ன இழுத்தா ஷார்ட் ஆயிடும், அதனால சுவிட்ச ஆஃப் பண்ணி வைங்க. முனை கை வைக்க முடியாம சுட்டாலோ சார்ஜ் விட்டு விட்டு ஏறினாலோ தூக்கிப் போட்ருங்க.